விலைப்பட்டியலில் வராத இரண்டு செலவுகள்: முதல் கார் வாங்கும் பிள்ளைகளுக்கு

திருநள்ளாறு, காரைக்கால் பக்கத்துப் பிள்ளைகள் முதல் கார் வாங்கக் கிளம்பினால் கடைசியில் இரண்டு மாடலில் வந்து நிற்பார்கள். விலை ஏறக்குறைய ஒன்று, மைலேஜ் ஒன்று, சீட்டும் டிக்கியும் ஒன்று. அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? நிறத்தை வைத்து, மச்சான் சொன்னதை வைத்து, ஷோரூமில் தரும் சீட் கவரை வைத்து முடிவாகிவிடுகிறது. நம் பி.ஒய். 02 பதிவில் சாலை வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால், ஆன்ரோடு விலையைப் பார்த்ததுமே மனம் நிறைந்துவிடுகிறது.

பட்டறை வைத்திருந்த காலத்திலும், பிறகு க்ளெய்ம் காகிதங்களோடு அலைந்த காலத்திலும் நான் பார்த்தது வேறு. ஒரே மாதிரியான இரண்டு கார்களைப் பிரித்துக் காட்டுபவை, வருடா வருடம் கட்டும் பிரீமியமும், அடிபட்ட அன்று தேடும் உதிரிபாகமும்தான். இவை இரண்டும் தனித்தனி விஷயமும் அல்ல. வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் இன்ஜின் எத்தனை சிசி என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ் பிரீமியம் என்று மொத்தமாக ஒரு தொகையைச் சொல்வார்கள். அதில் இரண்டு பாகம் உண்டு. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கானது தேர்டு பார்ட்டி. உங்கள் வண்டிக்கே நேரும் சேதத்துக்கானது ஓன் டேமேஜ். தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியில் போட்டாலும் அது மாறாது, பேரம் பேசவும் முடியாது. அது மாறுவது இன்ஜின் அளவை வைத்து மட்டும்தான்.

2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சிசி வரை உள்ள சொந்தக் காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய். 1000-ஐத் தாண்டி 1500 வரை 3,416. 1500-ஐத் தாண்டினால் 7,897. இதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே கட்ட வேண்டும். அது முறையே 6,521, 10,640, 24,596.

மாருதி வேகன்ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெயர், அதே உடல். ஒரு வகையில் 998 சிசி இன்ஜின், இன்னொன்றில் 1197 சிசி. இரண்டுக்கும் தேர்டு பார்ட்டி வேறு. ஒரே காரின் இரண்டு வகைகளுக்கே இப்படி என்றால், இரண்டு கம்பெனிக் கார்களை ஒப்பிடும்போது இந்தக் கோட்டைப் பார்க்காமல் இருக்கவே கூடாது. பைக் வாங்கும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். அங்கே கோடு 150 சிசியில் இருக்கிறது. 149 சிசி புது பைக்குக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி 3,851 ரூபாய். 160 சிசி பைக்குக்கு 7,365. ஓட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாத இரண்டு பைக்குகள் இவை. வாங்கும் அன்று எந்தக் கட்டணம் நடப்பில் இருக்கிறது என்பதை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஓன் டேமேஜ் பிரீமியம் ஏன் அதிகம் என்று யோசியுங்கள்.

இதுதான் இந்த முழுப் பேச்சுக்கும் மையம். 2007 ஜனவரி 1-க்கு முன் ஓன் டேமேஜுக்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே விகித அட்டவணை இருந்தது. நம் காரைக்கால் இருக்கும் பி மண்டலத்தில் ஐந்து வயதுக்குள் இருக்கும் சொந்தக் காருக்கு, 1000 சிசி வரை காப்பீட்டு மதிப்பில் 3.039 சதவீதம், 1500 வரை 3.191 சதவீதம். அந்தத் தேதிக்குப் பிறகு கம்பெனிகள் தாங்களே விலை வைக்கலாம் என்று ஆயிற்று. பழைய விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்து தள்ளுபடி கொடுக்கும் வழக்கம் வந்தது.

அந்தத் தள்ளுபடி மாடலுக்கு மாடல் மாறும். ஏன் மாறுகிறது? ஒரு மாடலுக்கு வசூலித்த பிரீமியம் எவ்வளவு, அந்த மாடலுக்குக் கொடுத்த க்ளெய்ம் எவ்வளவு என்று ஒவ்வொரு கம்பெனியும் கணக்கு வைத்திருக்கிறது. பம்பர் விலை கூடின கார், ஹெட்லைட்டை முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும் என்கிற கார், பட்டறைக் கூலி அதிகமான கார் எல்லாம் அந்தக் கணக்கில் மேலே வந்துவிடும். தள்ளுபடி அங்கே குறையும். ஆகவே ஒரே விலைக் கார்கள் இரண்டில் ஒன்றுக்குப் பிரீமியம் கணிசமாகக் கூடுதலாக இருந்தால், அந்தக் காரின் பார்ட்ஸ் பில் எப்படி இருக்கும் என்பதை இன்சூரன்ஸ்காரன் உங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கார், இரண்டுக்கும் காப்பீட்டு மதிப்பு 6 லட்சம். இந்த மதிப்பைத்தான் ஐ.டி.வி. என்பார்கள். புதுக் காருக்கு ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்து இதைப் போடுவார்கள். முதல் கார் 998 சிசி, கம்பெனி 60 சதவீதம் தள்ளுபடி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சத்துக்கு 3.039 சதவீதம் 18,234 ரூபாய், தள்ளுபடி போக 7,293. இரண்டாம் கார் 1197 சிசி, தள்ளுபடி 40 சதவீதம். 3.191 சதவீதம் 19,146 ரூபாய், தள்ளுபடி போக 11,487. மூன்று வருடத் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தால் முதல் காருக்கு 13,814, இரண்டாவதற்கு 22,127. ஜி.எஸ்.டி.யோடு வித்தியாசம் ஏறக்குறைய 9,800 ரூபாய். ஷோரூமில் பத்தாயிரம் தள்ளுபடி வாங்கிவிட்டேன் என்று இரண்டாம் காரை எடுத்தவனுக்கு அந்தத் தள்ளுபடி முதல் நாளே கரைந்துவிட்டது. ஓன் டேமேஜ் வித்தியாசம் அடுத்த வருடமும் வரும், அதற்கடுத்த வருடமும் வரும்.

இரண்டு கொட்டேஷனையும் ஒரே மாதிரி வாங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஐ.டி.வி.யைக் குறைத்தால் பிரீமியம் குறையும். கார் திருடு போனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கைக்கு வரும் பணமும் அதே அளவுக்குக் குறையும். ஒருவன் ஜீரோ டெப் சேர்த்துச் சொல்லியிருப்பான், இன்னொருவன் சேர்க்காமல் சொல்லியிருப்பான். அதே ஐ.டி.வி., அதே கூடுதல் காப்புகள் என்று எழுதி வாங்கி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியிலும் ஒரு விலை கேளுங்கள்.

3. ஷோரூமுக்குப் போவதற்கு முன் பார்ட்ஸ் கடைக்குப் போங்கள்.

விற்பவரிடம் பார்ட்ஸ் கிடைக்குமா என்று கேட்டால், எல்லாம் கிடைக்கும் என்றுதான் சொல்வார். அதில் பொய்யும் இல்லை. எந்தப் பார்ட்டும் ஒரு நாள் கிடைக்கத்தான் செய்யும். எந்த நாளில், என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி. அதைச் சொல்ல வேண்டியவர் பார்ட்ஸ் கவுன்டரில் நிற்பவர்.

ஏழு பொருளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முன் பம்பர், ஒரு பக்க ஹெட்லைட், ஒரு பக்க ஃபெண்டர், பக்கக் கண்ணாடி, முன் விண்ட்ஷீல்டு, ரேடியேட்டர், கிளட்ச் செட். முதல் ஆறும் இடித்தால் போகிறவை. கடைசி ஒன்று ஓடித் தேய்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. விலை என்ன? இப்போது கையில் இருக்கிறதா? இல்லையென்றால் ஆர்டர் போட்டு எத்தனை நாள்? இரண்டு மாடலுக்கும் கேட்டு எதிரெதிரே எழுதுங்கள். அரை நாள் வேலை. அதே தாளைக் காரைக்காலில் வெளியே பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். கம்பெனி கவுன்டரில் மட்டும்தான் கிடைக்குமா, வெளி மார்க்கெட்டிலும் வருமா என்பதை அவர் சொல்வார். லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, ரானே மாதிரி கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிறவர்கள் தங்கள் பெயரிலும் வெளியே பார்ட்ஸ் விற்கிறார்கள். உங்கள் மாடலுக்கு அப்படி வந்தால், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கி இரவு பார்சலில் போட்டால் மறுநாள் இங்கே வந்துவிடும். நிறைய ஓடுகிற மாடலுக்குத்தான் இந்த வசதி.

ஹெட்லைட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பழைய ஹாலஜன் விளக்கில் பல்பு போனால் பல்பை மாற்றினால் போதும். எல்.இ.டி. ஹெட்லைட்டில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் விளக்கைத் தனியாக விற்க மாட்டார்கள். பிடிக்கும் காது ஒன்று உடைந்தாலும், உள்ளே நீர் கோத்தாலும் முழு செட்டையே மாற்றச் சொல்வார்கள். ஒரே மாடலில் கீழ் வகைக்கும் மேல் வகைக்கும் இந்த ஒரு பொருளில் பல மடங்கு வித்தியாசம் வரும். விண்ட்ஷீல்டும் அப்படித்தான். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த கார் என்றால், கண்ணாடி மாற்றியபின் கேமராவைச் சரியாக அளவு வைக்கக் கருவி வேண்டும். அந்தக் கருவி எந்த ஊர் பட்டறையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இரட்டைப் பிள்ளைக் கார்களில் பலர் ஏமாந்து போகிறார்கள். மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்சாவும் அடிப்படையில் ஒரே கார். எர்டிகாவும் ரூமியோனும் அப்படியே. இன்ஜின் ஒன்று, கியர்பாக்ஸ் ஒன்று, ஆகவே பார்ட்ஸ் எல்லாம் ஒன்றுதானே என்று நினைப்பார்கள். ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச் வரைக்கும் அது சரி. முகத்தை மட்டும் மாற்றித்தானே இரண்டு கம்பெனியும் விற்கின்றன? முன் பம்பரும் கிரில்லும் அவரவருக்குத் தனி. இடித்தால் முதலில் உடைவதும் அவைதான். இரட்டையரில் எந்தக் கார் உங்கள் ஊரில் குறைவாக ஓடுகிறதோ, அதன் முகப்புப் பொருள்களின் கையிருப்பைத் தனியாகக் கேளுங்கள்.

4. பாலிசி இருந்தாலும் பாதி பிளாஸ்டிக் உங்கள் செலவு.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, பார்ட்ஸ் விலை எவ்வளவு இருந்தால் எனக்கென்ன என்று கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதாரண முழுக் காப்பு பாலிசியில் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பொருள்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு, கார் புதிதோ பழசோ, பாதி விலைதான் தருவார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதுப்படி கழிவு. முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, இரண்டு முதல் மூன்று வருடம் 15 சதவீதம், மூன்று முதல் நான்கு வருடம் 25, ஐந்து முதல் பத்து வருடம் 40. இதற்கு மேல் 1500 சிசி வரை உள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயமாக 1,000 ரூபாய் நீங்கள் போட வேண்டும்.

இப்போது மூன்றரை வயதான இரண்டு கார், இரண்டும் ஒரே மாதிரி முன்பக்கம் இடித்தன என்று கொள்ளுங்கள். விலைகளைக் கணக்குக்காகத்தான் வைக்கிறேன். முதல் காரில் பம்பர் 3,000, ஹாலஜன் ஹெட்லைட் 4,000, இரும்பு ஃபெண்டர் 2,500. உங்கள் பங்கு 1,500, 2,000, 625. கட்டாய ஆயிரத்தையும் சேர்த்து 5,125. இரண்டாம் காரில் பம்பர் 7,000, எல்.இ.டி. ஹெட்லைட் 22,000, ஃபெண்டர் 5,000. உங்கள் பங்கு 3,500, 11,000, 1,250, அந்த ஆயிரம். மொத்தம் 16,750. ஒரே இடி, ஒரே மாதிரி பாலிசி, உங்கள் கையிலிருந்து போனது மூன்று மடங்குக்கு மேல். பெயின்ட் கணக்கு இதற்கு வெளியே.

ஜீரோ டெப் எடுத்தால் இந்தக் கழிவு இல்லை. பார்ட்ஸ் விலை கூடின காருக்கு அதைக் கட்டாயம் எடுங்கள். ஆனால் அதற்கான கட்டணமும் அந்தக் காருக்குக் கூடுதலாகவே இருக்கும். வருடத்துக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்று வரம்பு வைப்பார்கள். பெரும்பாலான கம்பெனிகள் கார் ஐந்து வயதைத் தாண்டினால் தரத் தயங்கும்.

இன்னொரு நஷ்டம் கண்ணில் படாமல் போகும். க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் ஓன் டேமேஜில் போனஸ் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும்: 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த வருடம் அது பூஜ்யம். பக்கக் கண்ணாடி ஆயிரத்து சொச்சம் என்றால் கையிலிருந்து போட்டுவிட்டுப் போனஸைக் காப்பாற்றலாம். அதே கண்ணாடி மோட்டார், இண்டிகேட்டர், கேமராவோடு பெரிய விலை என்றால் க்ளெய்ம் போட வேண்டியதாகிவிடும். 35 சதவீதத்தில் இருப்பவரின் ஓன் டேமேஜ் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய் என்றால், அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய 45 சதவீதமான 4,500 ரூபாய் போயிற்று. பார்ட்ஸ் மலிவான கார் பிரீமியத்தையும் மலிவாக வைத்திருப்பது இந்த வழியில்தான்.

5. பட்டறை எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள்.

கம்பெனியின் பட்டறை காரைக்காலிலோ நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ இருந்தால் கவலை இல்லை. குறைவாக விற்கும் கார்களுக்குத் தஞ்சாவூரோ திருச்சியோ புதுச்சேரியோதான் போக வேண்டியிருக்கும். சர்வீஸுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். இடித்து நிற்கும் காரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். சாதாரண பாலிசியில் காரை இழுத்துப் போகும் செலவுக்குத் தருவது 1,500 ரூபாய் வரைதான். திருநள்ளாற்றிலிருந்து நூறு கிலோமீட்டர் தாண்டி ரெக்கவரி வண்டி வர அது போதாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அவர்களின் கேஷ்லெஸ் பட்டறைப் பட்டியலையும் கேளுங்கள். பட்டியலில் பக்கத்து ஊர் பட்டறை இல்லையென்றால், முழுப் பணத்தையும் நீங்கள் கட்டி வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு திரும்ப வாங்க வேண்டிவரும்.

அதைவிடப் பெரியது காத்திருக்கும் நாள். சர்வேயர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தாயிற்று, பட்டறையும் தயார், ஆனால் ஒரு ஹெட்லைட் வரவில்லை. வண்டி நிற்கிறது. அந்த நாள்களுக்குப் பாலிசி ஒரு பைசா தராது. வண்டி ஓடாததால் வரும் வருமான இழப்பு காப்பில் சேர்ந்ததல்ல. தினப்படி என்று தனிக் காப்பு உண்டு. அதற்கும் நாள் வரம்பு இருக்கும். கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

நவக்கிரகக் கோவில் சுற்றுக்கு வண்டி விடலாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது வயிற்றுப்பாடு. நம்மூருக்குச் சனிக்கிழமைதோறும் கூட்டம். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி மாதிரி ஒரு நாளில் வண்டி பார்ட்ஸுக்காகப் பட்டறையில் நின்றால், அந்த வருமானம் திரும்ப வராது. வாடகைக்கு விடுகிறவர்கள் மஞ்சள் போர்டு பிரீமியத்தை வைத்துத்தான் இரண்டு மாடலையும் ஒப்பிட வேண்டும். அங்கே தேர்டு பார்ட்டிக்கு இன்ஜின் அளவோடு ஏற்றும் பயணி ஒவ்வொருவருக்கும் தனித் தொகை சேரும். ஏழு சீட்டுக்கும் ஐந்து சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. சொந்தப் பதிவில் வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டால் க்ளெய்மை மறுத்துவிடுவார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள்.

6. நின்றுபோன மாடலைப் பழைய விலையில் வாங்கும் முன் ஐ.டி.வி.யைக் கேளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் முதல் கார் வாங்குபவர்களுக்கு இது. ஒரே வயதுள்ள இரண்டு காரில் ஒன்று லட்ச ரூபாய் மலிவாகக் கிடைத்தால், காரணம் பெரும்பாலும் கம்பெனி போய்விட்டது அல்லது மாடல் நின்றுவிட்டது என்பதாகத்தான் இருக்கும். செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் தொழிற்சாலையும் 2022-இல் நின்றது. சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்று இரண்டு கம்பெனிகளும் அறிவித்தன.

கம்பெனி போனால் பார்ட்ஸும் போய்விடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. அதற்கப்புறமும் அதன் பார்ட்ஸ் கிடைத்தது, ஏனென்றால் பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கில் ஓடிய கார், செய்து விற்க வெளியே ஆள்கள் இருந்தார்கள். சாலையில் எத்தனை வண்டி ஓடியது என்பதுதான் பார்ட்ஸைத் தீர்மானிக்கிறது. ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் செய்த ரெனோ டஸ்டரையும் நிசான் டெரானோவையும் பாருங்கள். உள்ளே ஒரே சரக்கு. ஆனால் டெரானோவின் முகம் வேறு, ஓடிய எண்ணிக்கையும் குறைவு. இன்று ஒரு டெரானோ வாங்குபவர் இன்ஜின் பார்ட்ஸுக்கு டஸ்டர் பக்கம் கை நீட்டலாம். முகப்புப் பாகங்களுக்குப் புதுப்பேட்டையில் பழசு தேட வேண்டிவரும்.

ஐ.டி.வி. இங்கே எப்படி விளையாடுகிறது என்பதைக் கவனியுங்கள். கார் ஐந்து வயதைத் தாண்டினால் காப்பீட்டு மதிப்புக்கு அட்டவணை இல்லை. நீங்களும் கம்பெனியும் பேசி வைப்பதுதான், அதுவும் மார்க்கெட் விலையை ஒட்டியே இருக்கும். நின்றுபோன மாடலுக்கு மார்க்கெட் விலை சரிந்திருக்கும், பார்ட்ஸ் விலை ஏறியிருக்கும். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். ஐ.டி.வி. 2 லட்சம் உள்ள காருக்குப் பழுதுச் செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் போதும். முன்பக்கம் நன்றாக அடிபட்டு, ஏர்பேக்கும் வெடித்துவிட்டால் அந்தத் தொகை எளிதாக வந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் ஒரே இடியில் காகிதத்தில் செத்துப்போகும். வரும் 2 லட்சத்தில் அதே அளவு நல்ல கார் கிடைக்காது. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் முன், புதுப்பிக்கும்போது என்ன ஐ.டி.வி. தருவீர்கள் என்று இரண்டு கம்பெனியிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

7. ஐப்பசி, கார்த்திகை மழையை மனதில் வைத்து ஒப்பிடுங்கள்.

நாம் இருப்பது கடைமடை. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறியபோது நாகை, காரைக்கால் பட்ட பாடு தெரியும். புயலும் வெள்ளமும் ஓன் டேமேஜில் காப்புக்குள் வரும். நீரில் நின்ற காரை ஸ்டார்ட் போட்டு, இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைந்தால், அது சாதாரண பாலிசியில் வராது. அதற்கு இன்ஜின் காப்பு என்று தனியாக எடுக்க வேண்டும். தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியைத் திருப்பாமல் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ரெக்கவரிக்குச் சொல்லுங்கள்.

மாடல் ஒப்பீட்டில் கேட்க வேண்டியது இரண்டு. இன்ஜின் காற்று இழுக்கும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பானட்டைத் திறந்து பாருங்கள். கிரில்லுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிற கார் சீக்கிரம் தண்ணீர் குடிக்கும். அடுத்தது, தரைக்கு அடியில் ஓடும் வயரிங் செட்டும் சீட்டுக்குக் கீழே இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகளும். வெள்ளத்தில் கெடுபவை அவை. குறைவாக ஓடும் மாடலுக்கு எல்லாப் பார்ட்ஸையும்விடத் தாமதமாக வருவதும் வயரிங்தான், ஏனென்றால் வகைக்கு வகை மாறும் அதை யாரும் கையிருப்பு வைப்பதில்லை. கடல் காற்றில் அடிப்பாகம் துருப்பிடிப்பதை எந்தப் பாலிசியும் ஏற்காது. அதனால் சைலன்சர் விலையையும் அந்த ஏழு பொருளோடு எட்டாவதாகச் சேர்த்துக்கொண்டால் நல்லது.

8. தாளைப் பார்த்து முடிவெடுங்கள்.

இப்போது உங்கள் கையில் இரண்டு மாடலுக்கும் ஒரே அளவில் வாங்கிய பிரீமியம் கொட்டேஷனும், ஏழோ எட்டோ பொருளின் விலையும் நாள்கணக்கும் இருக்கும். பிரீமியமும் பார்ட்ஸும் ஒரே காருக்குச் சாதகமாக இருந்தால் வேறு யோசனை வேண்டாம், அதை எடுங்கள். பிரீமியம் குறைவாகவும் பார்ட்ஸ் வர நாள் அதிகமாகவும் இருந்தால், இன்னொரு கார் உள்ள வீட்டுக்காரர் அதை எடுக்கலாம். ஒரே வண்டியை நம்பி இருப்பவர் பார்ட்ஸ் கையில் கிடைக்கும் காரையே எடுக்க வேண்டும், பிரீமியம் இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை. ஹெட்லைட் விலை பயமுறுத்தினால் அதே மாடலில் ஹாலஜன் உள்ள கீழ் வகையைப் பாருங்கள். ஏர்பேக்கிலும் பிரேக்கிலும் மட்டும் கீழே இறங்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முதல் நாளே இந்தத் தாள்களை வாங்கிவிடுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் கவுன்டரில் பதில் வரும், ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.